ஆன்லைன் வகுப்பில் "கேக்குதா?" என்று கேட்டால் ஒரு பயல் வாய் திறப்பதில்லை. வகுப்பை எப்படித் தொடங்குவது?

ராயபுரம் டியூஷன் (இழையைத் தொடங்கியவர்)

பத்தாம் வகுப்பு அறிவியல், மாலை 7 மணிக்கு ஜூமில். மொத்தம் 24 பிள்ளைகள், ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கத்துப் பசங்க. முக்கால்வாசிப் பேர் அப்பா, அம்மா போனில் வருகிறார்கள். காசு கட்டாத கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் கட் ஆகிவிடும்.

நான் செய்வது இதுதான். உள்ளே வந்ததும் எல்லாரையும் மியூட் செய்துவிட்டு, "குட் ஈவினிங் ஸ்டூடண்ட்ஸ், எல்லாருக்கும் கேக்குதா? ஸ்க்ரீன் தெரியுதா?" என்பேன். பதில் வராது. மறுபடி கேட்பேன். நாலு பேர் சாட்டில் "yes miss" என்று போடுவார்கள். அப்புறம் "சரி, யாராவது நேத்து நடத்துனதைச் சொல்லுங்க பாக்கலாம்" என்பேன். அத்தோடு சுடுகாட்டு அமைதி. நேரில் இதே பசங்க வாயை அடைக்க முடியாது. அடுத்த வாரம் ஒலியியல் ஆரம்பிக்கிறேன். முதல் சில நிமிடங்களை எப்படி அமைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாத்தியார் 63

மிஸ், ரொம்ப யோசிக்கிறீங்க. எல்லாரையும் அன்மியூட் பண்ணச் சொல்லி, கிளாஸ்ல எழுந்து நின்னு சொல்ற மாதிரி ஒரே குரலா வணக்கம் சொல்ல வைங்க. ஒரு தடவை வாய் திறந்துட்டா அப்புறம் கூச்சம் போயிடும். ஐம்பது வருஷமா பள்ளிக்கூடத்துல நடக்கிற முறை அது, சும்மா வரல.

---

தண்டையார்பேட்டை ஒலி

வாத்தியார் ஐயா சொல்றதுல பாதி சரி. பாடத்துக்கு முன்னாடியே வாய் திறக்க வைக்கணும்கிறது சரி. ஆனா கோரஸ் ஆன்லைன்ல எடுபடாது. அதுக்குக் காரணம் பசங்க இல்ல, ஒலி வந்து சேர்ற விதம்.

வகுப்பறையில 24 குரலும் ஒரே காத்துல ஒரே நேரத்துல வருது. ஜூம்ல ஒவ்வொரு குரலும் வேற வேற தாமதத்தோட வருது. வாயிலிருந்து காது வரைக்கும் 150 மில்லி செகண்டுக்குள்ள வந்தா இயல்பா பேசலாம், 400-ஐத் தாண்டினா பேச்சே தடுமாறும்னு தொலைபேசித் துறையில ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஒருத்தன் வீட்டு வைஃபையில இருக்கான், இன்னொருத்தன் மூணு பேர் பங்கு போட்ட ஹாட்ஸ்பாட்ல இருக்கான். "வணக்கம்" ஒண்ணா எப்படிச் சேரும்? ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். அதுக்கு மேல, ஒரே நேரத்துல பல குரல் வந்தா இந்த மென்பொருள் சிலதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அமுக்கிடும். சத்தமா இருக்கிறவன் குரல்தான் நிக்கும். பாக்கிப் பேருக்கு "நம்ம குரல் போய்ச் சேரல"ன்னு முதல் நிமிஷத்துலயே மனசுல பதிஞ்சிடும்.

இன்னொண்ணு இதைவிட முக்கியம். பசங்க ஹெட்செட் இல்லாம ஸ்பீக்கர்ல கேக்குறாங்க. நீங்க பேசிட்டு இருக்கும்போது உங்க குரல் அவன் போன் ஸ்பீக்கர் வழியா அவன் மைக்குக்குள்ளயே போகுது. அது திரும்ப உங்களுக்கு எதிரொலியா வராம இருக்க, போன் அவன் மைக்கை அந்த நேரம் அமுக்குது. அதனால நீங்க பேசப் பேச அவன் "மிஸ்"னு கூப்பிட்டாலும் உங்களுக்கு வராது. நீங்க "யாராவது சொல்லுங்க… ஹலோ… ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க"ன்னு விடாம பேசினா, அந்தப் பேச்சே அவன் குரலை மூடுது. உங்க வகுப்புல இருக்கிற அமைதியில பாதி இப்படி உண்டானதா இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? பசங்க பேசும்போது முதல் எழுத்து வெட்டுப்பட்டு, "…ஸ், நான் சொல்றேன்"னு வந்தா அதுதான். நம்ம பசங்க எதுக்கும் "மிஸ்"னுதான் ஆரம்பிப்பாங்க, அதனால வெட்டுப்படுறது பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான். பழக்கம் காப்பாத்துது.

---

காசிமேடு சங்கர்

வீடியோ ஆரம்பிக்கும்போது முகம் பளிச்சுனு தெரியணும். ரிங் லைட் ஒண்ணு வாங்கி, முதல்ல ஒரு அனிமேஷன் இன்ட்ரோ போட்டு மியூசிக்கோட "வெல்கம் டு மை சேனல்"… நான் யூட்யூப்ல மீன் சமையல் போடறேன், இன்ட்ரோ வெச்சதும் பாக்கிற ஆளு ஏறிச்சு.

---

ராயபுரம் டியூஷன்

சங்கர் அண்ணே, இது யூட்யூப் இல்ல. நேரலை வகுப்பு. பாக்க வர்றவங்க இல்ல, பேச வர்றவங்க வேணும் :)

---

பெரம்பூர் மலர்விழி

மிஸ், உங்கள் தொடக்கத்தை ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம். தவறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகம். `Mute All` அழுத்தும்போது வரும் சிறு பெட்டியில் `Allow participants to unmute themselves` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாமல் மியூட் செய்தால் பிள்ளைகளால் தாங்களாக மைக்கைத் திறக்கவே முடியாது. அழுத்தினால், நடத்துபவர் அனுமதிக்கவில்லை என்று செய்தி வரும். வெட்கப்பட்டுக்கொண்டு சாட்டில் "yes miss" போடுவார்கள். இன்றைக்கே ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது "கேக்குதா?". இந்தக் கேள்வி கேட்காதவனுக்குக் கேட்காது. போனில் ஜூம் திறந்ததும் ஒலிக்கு `Wifi or Cellular Data` என்பதைத் தொட வேண்டும். அதைத் தொடாதவன் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைக் கண்டுபிடிக்கப் பங்கேற்பாளர் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் மைக் படமே இல்லாவிட்டால் அவன் ஒலியில் சேரவில்லை என்று பொருள். கோடு போட்ட மைக் இருந்தால் சேர்ந்துவிட்டான், மியூட்டில் இருக்கிறான். மைக் படம் இல்லாதவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினால் போதும். உங்கள் ஒலி சரியா என்பதை 6.55-க்கு முதலில் வரும் ஒரே ஒரு பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 24 பேரிடம் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது "யாராவது". யாராவது என்றால் யாரும் இல்லை என்றுதான் ஆகும். நேரில் நீங்கள் கண்ணால் ஒருவனைப் பிடிப்பீர்கள், அவன் பேசுவான். இங்கே உங்கள் கண் கேமராவைப் பார்க்கிறது. யாரைப் பார்க்கிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான்காவது, நேற்றைய பாடம். முதல் கேள்வியே தேர்வுக் கேள்வி. தப்பாகச் சொன்னால் 23 வீட்டில் அம்மா, பாட்டி, தம்பி எல்லாரும் கேட்பார்கள். வகுப்பறையில் தப்பாகச் சொன்னால் வகுப்புக்கு மட்டும்தான் தெரியும். இங்கே தெருவுக்கே தெரியும்.

ஒலியியல் என்றீர்களே, அருமையான வாய்ப்பு. என் யோசனை இப்படி:

6.55-க்கு அறையைத் திறந்து வையுங்கள். திரையில் ஒரே ஒரு வரி பெரிதாக இருக்கட்டும்: "வெளியிலிருந்து இப்போது கேட்கும் ஒரு சத்தம் எது? யோசித்து வை." அவ்வளவுதான். வருகிறவர்கள் சும்மா காத்திருக்க மாட்டார்கள், காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். காது தீட்டினால் உடம்பு தானாக அடங்கிவிடும்.

7 மணிக்கு: "வணக்கம் பிள்ளைங்களா. கையை ஆட்டுங்க, போதும், மைக் வேண்டாம்." கேமரா இல்லாதவர்களுக்குக் கைதட்டும் படம். இது பத்து விநாடி. பிறகு: "இன்னைக்கு மூணு பேரைக் கேக்கப் போறேன். ஒரே வார்த்தை போதும். தப்புன்னு ஒண்ணு கிடையாது."

பிறகுதான் முக்கியமான இடம். "பிரவீன்…" என்று முதலில் பெயர். அதன் பிறகு ஒரு வரி, "அடுத்தது நீதான், மைக்கைத் திறந்துக்கோ." அப்புறம்தான் கேள்வி, "வெளியில என்ன சத்தம் கேக்குது?" கேட்டதும் நீங்கள் வாயை மூடிவிட வேண்டும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

---

வாத்தியார் 63

இங்க நான் குறுக்கிடணும். பி.எட்.ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நேர்மாறு. முதல்ல கேள்வி, அப்புறம் நிறுத்தம், கடைசியில பெயர். பெயரை முதல்ல சொன்னா மத்த 23 பேரும் "தப்பிச்சோம்டா"ன்னு காதை மூடிடுவான். பெயர் கடைசியில வந்தாதான் எல்லாரும் யோசிப்பாங்க. இது அடிப்படை.

---

பெரம்பூர் மலர்விழி

ஐயா, வகுப்பறைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி, நானும் அங்கே அப்படித்தான் செய்யச் சொல்வேன். அந்த நிறுத்தத்துக்கும் ஆதாரம் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்தபோது பதில்கள் நீண்டன, பதில் இல்லாமல் போவது குறைந்தது.

ஆனால் ஆன்லைனில் அந்த மூன்று விநாடிக்கு மேல் இன்னொரு செலவு இருக்கிறது. போனில் திரையை ஒருமுறை தொட்டால்தான் பொத்தான்களே தெரியும், மறுபடி தொட்டால்தான் மைக் திறக்கும். போன் வேறு கையில் இருக்கலாம், திரை அணைந்திருக்கலாம். இதற்கே மூன்று நாலு விநாடி போய்விடும். பெயர் கடைசியில் வந்தால் அந்த நேரம் முழுக்க அமைதியாகத் தெரியும். நீங்கள் பொறுமையிழந்து "பிரவீன் இருக்கியா?" என்பீர்கள், சரியாக அதே நொடியில் அவன் பேசுவான், இருவர் குரலும் முட்டும். மேலே தண்டையார்பேட்டை ஐயா சொன்ன மாதிரி அவன் குரல் அமுங்கும். அதற்குப் பிறகு அவன் அன்றைக்கு வாய் திறக்க மாட்டான்.

அதனால் தொடக்கத்துக்கு மட்டும் பெயர் முதலில். பாடம் சூடு பிடித்த பிறகு ஐயா சொன்ன வரிசைக்கு மாறலாம்.

---

வாத்தியார் 63

தொடக்கத்துக்கு மட்டும்னா ஒத்துக்கலாம். ஆனா மத்தவங்க தூங்குற பிரச்சினைக்குப் பதில் இன்னும் சொல்லல.

---

எண்ணூர் அம்மா

நான் டீச்சர் இல்ல, பத்தாவது படிக்கிற பொண்ணோட அம்மா. ஒண்ணு சொல்லலாமா? டீச்சருங்க ஆசையா "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட?"ன்னு ஆரம்பிக்கிறாங்க. சாப்பிடாத புள்ளைய நாலு பேர் முன்னாடி அதைக் கேக்கக் கூடாது. "வீட்டை காமி"ன்னு கேமராவைத் திருப்பச் சொல்றதும் வேணாம், ஒரே ரூம்ல நாங்க அஞ்சு பேரு. இந்த சத்தம் கேள்விகூட, வீட்டுக்குள்ள சண்டை நடந்தா?

---

பெரம்பூர் மலர்விழி

அக்கா, அதற்காகத்தான் "வெளியிலிருந்து" என்ற சொல்லைப் போட்டேன். வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கவே கூடாது. வெளிச் சத்தம் யாருக்கும் சொந்தமில்லை: கூட்ஸ் வண்டி, கண்டெய்னர் லாரி, குல்பி வண்டி மணி, பாங்கு, சர்ச் மணி, நாய். சாப்பாட்டுக் கேள்வி பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் ஐயாவுக்கு: மற்ற 23 பேருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். பிரவீன் "கூட்ஸ் டிரெயின்" என்றதும், "யாருக்கு அதே சத்தம் கேக்குதோ கை தூக்குங்க." ஜூமில் `Raise Hand` இருக்கிறது. கொருக்குப்பேட்டைப் பசங்க மூணு பேர் தூக்குவார்கள், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கத்தவர்கள் தூக்க மாட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர், அதே முறை. பிறகு நேராகப் பாடம்: "வண்டி கிட்ட வரும்போது ஹாரன் ஒரு மாதிரி, தாண்டிப் போனதும் கொஞ்சம் இறங்கின மாதிரி கேக்குமே, கவனிச்சிருக்கீங்களா?" டாப்ளர் விளைவுக்குள் வந்துவிட்டீர்கள். வணக்கமும் பாடமும் தனித்தனியாக நிற்கவில்லை. மொத்தம் மூன்றரை நிமிடம். 40-ல் அது கட்டுப்படியாகும்.

---

வியாசர்பாடி திலீப்

யாரை முதல்ல கூப்பிடுறதுன்னு யாரும் சொல்லலையே. அதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. முதல் ரேங்க் பையனைக் கூப்பிட்டா அவன் நாலு வாக்கியம் சுத்தத் தமிழ்ல சொல்வான், மத்தவன் எல்லாம் "இந்த அளவுக்கு நம்மளால ஆகாது"ன்னு சுருங்கிடுவான். ஒரு வார்த்தைன்னு சொன்ன உங்க விதியும் உடையும். நடுவாந்திரமா பேசுற ஒருத்தன் முதல்ல. 6.55-க்கு வந்து ஒலி சரிபார்த்த பிள்ளை ரெண்டாவது, அது ஏற்கனவே ஒரு தடவை பேசிடுச்சு, பயம் இருக்காது. பேசாத பிள்ளை மூணாவது, ரெண்டு மாதிரி கேட்ட பிறகு.

அட்டெண்டன்ஸ் வரிசையில கூப்பிடாதீங்க. தன் நம்பர் எப்ப வரும்னு எண்ணிட்டு மிச்ச நேரம் கேம் விளையாடுவான். நோட்டுல பெயரை எழுதி, கூப்பிட்டவங்களுக்கு ஒரு புள்ளி வைங்க. ஒரு நாளைக்கு மூணு பேருன்னா 24 பேருக்கு எட்டு வகுப்புல ஒரு சுத்து வந்துடும்.

அப்புறம் திரையில இருக்கிற பெயர். அப்பா போன்ல வர்ற பையன் "Redmi Note 9"னு இருப்பான், இல்லன்னா "Selvam Auto"ன்னு இருப்பான். "ரெட்மி நோட், நீ சொல்லு"ன்னு கூப்பிட்டா வகுப்பே சிரிக்கும், அந்தப் பையனுக்கு அதுவே பட்டப்பெயர் ஆயிடும். ஆறு ஐம்பத்தஞ்சுக்கே பட்டியல்ல பெயர் மேல `Rename` போட்டு நீங்களே மாத்திடுங்க, நடத்துறவங்களுக்கு அந்த உரிமை உண்டு. கூகுள் மீட்ல அது முடியாது, கணக்குல இருக்கிற பெயர்தான் தெரியும். அங்க ஒரு தாள்ல எந்தக் கணக்கு எந்தப் பிள்ளைன்னு எழுதி வெச்சுக்கணும்.

---

தண்டையார்பேட்டை ஒலி

லேட்டா வர்றவங்க பத்தி ஒரு வரி. `Waiting Room` போட்டிருந்தா நீங்க வணக்கம் சொல்ற நேரத்துல "இவர் காத்திருக்கிறார்"னு பெட்டி எட்டிப் பாத்துட்டே இருக்கும், உங்க பார்வை அங்க ஓடும். காசு கட்டாத கணக்குல கோ-ஹோஸ்ட் கிடையாது, வேற யாரும் உள்ள விட முடியாது. 6.55-க்கு வந்தவங்க போக, மிச்சப் பேரை 7 மணிக்கு ஒரு தடவை மொத்தமா உள்ள விடுங்க, அப்புறம் 7.05-க்கு ஒரு தடவை. நடுவுல பாக்காதீங்க. லேட்டா வந்தவனுக்காக முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. சாதாரண மீட்டிங்ல அவன் வர்றதுக்கு முன்னாடி போட்ட சாட் அவனுக்குத் தெரியாது. அதனால 7.05-க்கு அதே கேள்வியை சாட்ல மறுபடி ஒட்டுங்க.

---

ராயபுரம் டியூஷன்

மலர்விழி மிஸ், கைகொடுங்க. அந்த டிக் இல்லாமல்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது. ஒரு பெண்ணிடம் கேட்டேன், "மிஸ் நாங்க அமுக்குவோம், திறக்காது, நீங்கதான் பூட்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்" என்கிறாள்.

ரெண்டு கேள்வி. பதில் வந்ததும் "வெரி குட்" சொல்லலாமா? பத்து எண்ணியும் பதில் வராவிட்டால்?

---

பெரம்பூர் மலர்விழி

"வெரி குட்" வேண்டாம். ஒருவனுக்குச் சொல்லி இன்னொருவனுக்கு மறந்தால் அவன் பதில் மட்டம் என்று ஆகிவிடும். அவன் சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்கள்: "கூட்ஸ் டிரெயின். சரி." அவன் குரல் தெளிவில்லாமல் வந்திருந்தாலும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும்.

பதில் வராவிட்டால் "ஏன் பேசல?" என்று கேட்காதீர்கள். "பிரவீன், சாட்டுல போடு, நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். அவன் போட்டதும் பெயர் சொல்லி வாசியுங்கள். பேச முடியாத வீடாக இருக்கலாம், மைக் கெட்டிருக்கலாம், அதை 23 பேர் முன்னால் விசாரிக்க வேண்டாம்.

---

வாத்தியார் 63

திருப்பிச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. டீச்சர் திருப்பிச் சொல்வாங்கன்னு தெரிஞ்சா பசங்க ஒருத்தன் பேசுறதை இன்னொருத்தன் கேக்க மாட்டான். வகுப்பறையில நான் அதை முழுசா நிறுத்தினவன்.

---

வியாசர்பாடி திலீப்

குரல் தெளிவா வந்தா திருப்பிச் சொல்லாதீங்க, உடைஞ்சு வந்தா மட்டும் சொல்லுங்க. ஆனா உங்களுக்குத் தெளிவா வந்தது ஹாட்ஸ்பாட்ல இருக்கிறவனுக்கும் தெளிவா வந்துச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்கு என்கிட்ட விடை இல்ல.

---

எண்ணூர் அம்மா

எங்க வீட்ல ரெண்டு பேரும் ஒரே நேரம் கிளாஸ், ஒரே ரூம். ஒருத்தி பேசினா இன்னொருத்தி கிளாஸ்ல கேக்குது. என்ன பண்றது?

---

தண்டையார்பேட்டை ஒலி

ரெண்டு பேருக்கும் மைக் வெச்ச சாதா இயர்போன். ஒரு காதுல மட்டும் மாட்டச் சொல்லுங்க, மைக் இருக்கிற வயரை வாய்கிட்ட கையால பிடிச்சுக்கணும். ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல ரெண்டு போன் வெச்சிருந்தா மட்டும், ஒரு போன்ல ஒலியையே சேர்க்காதீங்க, இல்லன்னா கூச்சல் வரும். வேற வேற கிளாஸ்னா முதுகு காட்டி உக்காரட்டும், கொஞ்சம் குறையும். முழுசா போகாது.

---

காசிமேடு சங்கர்

அப்ப ரிங் லைட் வேணாமா?

---

ராயபுரம் டியூஷன்

ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் தெரிகிறது அண்ணே. மாலை 7-க்கு இருட்டிவிடும்தான், ட்யூப் லைட் போதும். திங்கட்கிழமை ஒலியியல். பிரவீனை முதலில் வைக்கவில்லை, அவன்தான் வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவன்.